நீர் வட்டப் போஸ்டருக்கு பிராம்ப்ட் எழுதும்போது நாம் விடும் தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் தரம் 4 பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பாடம் எடுக்கிறேன். வகுப்புச் சுவரில் ஒட்ட ஒரு நீர் வட்டப் படம் வேண்டுமென்று படம் வரையும் ஏஐ கருவியில் நான் முதலில் எழுதியது இதுதான்: "தரம் 4 மாணவர்களுக்கு நீர் வட்டத்தை விளக்கும் அழகான, விவரமான கல்விப் போஸ்டர், எல்லா நிலைகளும் தமிழ்ப் பெயர்களுடன்." வந்த படத்தில் பனி மூடிய மலை, மான், வானவில், ஏழெட்டு அம்புக்குறிகள், தமிழ் போலத் தெரிந்தும் தமிழாக இல்லாத எழுத்துகள் எல்லாம் இருந்தன. ஆனால் ஆவியாதல் எங்கே நடக்கிறது என்று என்னாலேயே விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

தவறு "விவரமான" என்ற சொல்லில் தொடங்குகிறது. அதைப் படித்ததும் கருவி காலியாக இருக்கும் இடத்தையெல்லாம் நிரப்பப் பார்க்கும். சரி, நெரிசல் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று "விலங்குகள் வேண்டாம், மரங்கள் வேண்டாம்" என்று சேர்த்தால் பல கருவிகளில் அதே மரமும் விலங்கும் திரும்ப வந்து நிற்கும், ஏனென்றால் பெயரைச் சொன்னாலே அது படத்துக்குள் நுழைந்துவிடுகிறது. வேண்டாததை அடுக்குவதை விட, வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் என்ன தெரிய வேண்டும் என்று சொல்லுங்கள். "வானம் முழுவதும் ஒரே வெளிர் நீலம்" என்றால் கருவிக்கு வரைய ஒரு பொருள் கிடைத்துவிடும், நமக்கும் பெயர் எழுத இடம் கிடைக்கும்.

அடுத்தது, நிலைகளின் பெயரை மட்டும் கொடுப்பது. ஆவியாதல், ஒடுங்கல், படிவு வீழ்ச்சி, நீர் சேர்தல் என்று எழுதினால் கருவி அவற்றை எங்கே வைப்பது என்று தானே முடிவு செய்யும். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் இடத்தையும், அங்கே கண்ணுக்குத் தெரிவதையும் எழுத வேண்டும். எனக்குக் கொழும்பே வழி காட்டியது: நமக்குக் கடல் மேற்கே, மலைநாடு கிழக்கே, களனி கங்கை மலையில் தொடங்கி 145 கிலோமீட்டர் ஓடி இங்கேதான் கடலில் விழுகிறது. பிள்ளைகள் பார்த்த ஆறு அது. மலைக்கு "பச்சை, வட்டமான உச்சி" என்று சொல்லிவிட்டால் பனியும் வராது. திருத்தி எழுதியது:

```
தட்டையான நிறங்களில் எளிய படம், அகலவாக்கில்.
இடது பக்கம் அமைதியான கடல், மேலே சூரியன்.
வலது பக்கம் வட்டமான உச்சியுடைய ஒரே பச்சை மலை.
மலைக்கு மேல் ஒரே ஒரு சாம்பல் மேகம், அதன் கீழே மட்டும் மழை.
மலையிலிருந்து கடலுக்கு ஒரே ஒரு ஆறு.
மற்ற வானம் முழுவதும் ஒரே வெளிர் நீலம்.
```

இதில் ஆவி என்ற சொல்லே இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். அதை எழுதியபோதெல்லாம் கடலிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது, ஒரு பிள்ளை "கடல் கொதிக்குதா டீச்சர்?" என்று கேட்டது. கேள்வி நியாயமானது. நீராவி கண்ணுக்குத் தெரியாது, கேத்தலின் வாய்க்கு மேலே வெள்ளையாகத் தெரிவது ஏற்கெனவே ஒடுங்கிய சிறு நீர்த்துளிகள். கடலில் புகையை வரைந்தால் ஆவியாதலுக்கு வெப்பநிலை கொதிநிலையைத் தொட வேண்டும் என்றே பிள்ளை நினைத்துக்கொள்ளும், அதை அப்புறம் மாற்றுவது மிகவும் கஷ்டம். அந்த இடத்தில் படத்தை வெறுமையாக விட்டு, மேல்நோக்கி ஓர் அம்புக்குறியை நானே போட்டேன்.

அம்புக்குறிகளையும் எழுத்தையும் கருவியிடம் விடவே விடாதீர்கள். அம்பு அழகாக வரும், ஆனால் மழையிலிருந்து மேகத்துக்குப் போகும், அல்லது ஆறு மலையேறும். தமிழில் கொம்பும் புள்ளியும் இடம் மாறிவிடும், எழுத்துப் பழகும் வயதில் சுவரில் அது தொங்கக்கூடாது. படத்தை பவர்பாயிண்டில் வைத்து நான்கு அம்பு, நான்கு பெயர், அவ்வளவுதான். கால் மணி நேரம்கூட ஆகாது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் படத்தைக் கைப்பேசியில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். கடல், மேகம், மழை, ஆறு நான்கும் அந்த அளவிலும் பிரிந்து தெரிந்தால் கடைசி வாங்கிலிருந்தும் தெரியும். ஓரங்களையும் பாருங்கள்: 1536 × 1024 பிக்சல் அளவில் வரும் படம் ஏ3 தாளை விடக் கொஞ்சம் அகலம், தாளை நிரப்பி அச்சிட்டால் இரு பக்கமும் ஏறக்குறைய 44 பிக்சல்கள் வெட்டுப்படும். என் முதல் அச்சில் சூரியனின் பாதி அப்படித்தான் போனது. இப்போது பிராம்ப்ட்டின் கடைசியில் "சூரியனும் மலையும் ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி" என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.