வெரிகோஸ் காலுறை: விளிம்பை மட்டும் மடிக்காதீர்கள்

வெரிகோஸ் உள்ளவர்கள் போடும், காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் காலுறைக்கு அளவெடுத்து மாட்டிவிடுவது என் வேலை. நாள் முழுக்க நிற்கும் ஆசிரியர்களும் கடை ஊழியர்களும் வாங்கிப் போன சில நாளிலேயே “எனக்கு இது ஒத்துவரலை” என்று திரும்பி வருவார்கள். பெரும்பாலும் கோளாறு காலுறையில் இருக்காது, அதை வாங்கும், போடும் விதத்தில்தான் இருக்கும். “அதிகம் நிற்காதீர்கள்” என்ற உபதேசத்தை விட்டுவிடுகிறேன். நிற்காவிட்டால் அவர்கள் பிழைப்பு ஓடாது.

மேல் விளிம்பை மடிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். நிற்கும்போது ரத்தம் கீழிருந்து மேலே ஏற வேண்டும். சிரைகளின் வால்வுகள் பழுதானால் அது கீழேயே தேங்கிச் சிரை புடைக்கும், அதுதான் வெரிகோஸ். அதனால்தான் காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்துகிறது. நீளம் அதிகமென்று விளிம்பை மடித்தால் அங்கே இரண்டு அடுக்கு. அழுத்தமும் ஏறக்குறைய இரட்டிப்பு. மேலே இறுகி, கீழே ரத்தம் சிறைப்பட்டுவிடும்.

கடையில் பில் போடும் ஓர் அம்மா, “போடாத நாளில்கூட இவ்வளவு வீங்காது” என்று வந்தார். கழற்றச் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே, விளிம்பை மடித்திருந்த இடத்தில், சிவந்த பள்ளம். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. ஷூ நம்பரைச் சொல்லி, வேலை முடிந்த கையோடு, வீங்கிய காலுக்கு வாங்கியிருக்கிறார்!

காலையில் வரச் சொல்லி மூன்று அளவு எடுத்தேன்: கணுக்காலின் ஒடுங்கிய சுற்றளவு, கெண்டைக்காலின் பருத்த சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். அப்படி வாங்கியும் சுற்றளவு சரியாகவே இருந்தது. நீளம்தான் கூடுதல். அதே அழுத்தத்தில் குட்டை ரகம் மாற்றியதும் பள்ளமும் போனது, வீக்கமும் அடங்கியது. விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். மிஞ்சினால் மடிக்காமல், கணுக்கால் வரை கழற்றி, துணியைச் சீராகப் பரப்பி மறுபடி ஏற்றுங்கள். அப்போதும் மிஞ்சினால் அது உங்கள் அளவு இல்லை.

வேலைக்குக் கிளம்பும்போது மாட்டுவது

அதற்குள் கால் வீங்கத் தொடங்கியிருக்கும். எழுந்த உடனே மாட்டுங்கள். தாமதமாகிவிட்டதா? சரி, கால் மணி நேரம் காலை உயர்த்திப் படுத்துவிட்டு மாட்டுங்கள்.

மாட்டிவிட்டோம் என்று அசையாமல் நிற்பது

ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப் கெண்டைக்கால் தசைதான். காலுறை அதற்குத் துணை மட்டுமே. ஒரு பில்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே, மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது, குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். வகுப்புக்குள் நடந்துகொண்டே பாடம் எடுத்தால் இன்னும் நல்லது.

போட்டபடியே தூங்குவது

மருத்துவர் சொன்னாலொழிய வேண்டாம்.

யாரிடமும் காட்டாமல் வாங்குவது

கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கிறது, பாதம் சில்லிடுகிறது என்றால் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருக்கலாம். அந்தக் காலை இறுக்குவது ஆபத்து. சர்க்கரை நோய், புகைப்பழக்கம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் காலின் ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் காலுறை தேடாதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.