சுவெற்றரில் உருண்டை திரள்வது ஏன்? வாங்கும்போதும் தோய்க்கும்போதும் விடும் பிழைகள்

கனடா, லண்டன் போக வெளிக்கிடுகிறவர்களும் நுவரெலியாச் சுற்றுலாவுக்கு ஆயத்தமாகிறவர்களும் யாழ்ப்பாணக் கடைகளில் ஹூடி வாங்கும்போது முதலில் துணியைத் தடவித்தான் பார்க்கிறார்கள். மொசுமொசு என்று இருந்தால் நல்ல சாமான் என்று முடிவு. இரண்டு மாதத்தில் அக்குளிலும் பை உரசும் இடத்திலும் பொட்டுப் பொட்டாக உருண்டை திரண்டதும் கடைக்காரருக்கு ஏச்சு விழும். ஆனால் கடையில் கையைக் கவர்ந்த அந்த மென்மைக்கும் இந்த உருண்டைக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

பருத்தி நூலைப் பிரித்துப் பார்த்தால் அது ஒரே நீள இழையாக இராது. ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய நீளமுள்ள இழைகள், முறுக்கின் பிடியில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. உரசல் படும்போது இழைகளின் நுனிகள் வெளியே வரும், ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும், சுருண்டு உருண்டையாகும். உருண்டை துணியில் தொங்குவது, மறுமுனை இன்னும் நூலுக்குள் சிக்கியிருக்கும் சில இழைகளின் பலத்தில்.

இழை நீளம் ஏன் முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 1 மீற்றர் இழை 25 மில்லிமீற்றர்த் துண்டுகளாக இருந்தால் 40 துண்டு, 80 நுனி. அதுவே 35 மில்லிமீற்றராக இருந்தால் கிட்டத்தட்ட 57 நுனிதான். நுனி குறைவது ஒரு நன்மை. நீளமான இழையை நூல் கூடிய தூரத்துக்குப் பிடித்துக்கொள்வதால் அது இலகுவில் நழுவாது என்பது அதைவிடப் பெரிய நன்மை. சீவிய பருத்தி என்று கூடிய விலைக்கு விற்கும் ரீசேட்டுகளில் சீப்பு எடுத்துவிடுவது இந்தக் குட்டை இழைகளைத்தான். அந்தக் காசு வீணில்லை.

அடுத்தது முறுக்கு. பருத்திச் சாரம் எத்தனை வருடம் உடுத்தாலும் உருண்டை அனேகமாக வராது, அதே பருத்தியில் செய்த ரீசேட்டில் வரும். 30ஆம் இலக்கப் பருத்தி நூலை எடுத்தால், நெசவுப் பாவுக்கு அங்குலத்துக்கு 23 சுற்று அளவிலும் பின்னலுக்கு 18 சுற்று அளவிலும் முறுக்குவார்கள். பாவும் ஊடையும் இறுக்கிப் பிடிக்கும் சாரத்தில் இழை அசைய இடமும் குறைவு. பின்னலின் கண்ணிகள் தளர்ந்தவை. சரி, பின்னல் நூலையும் இறுக்கி முறுக்கினால் என்ன? துணி விறைக்கும், அதோடு ரீசேட்டின் பக்கத் தையல் தோய்க்கத் தோய்க்கத் திருகி வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். அதனால் தொழிற்சாலை முறுக்கைக் குறைக்கிறது, துணி மென்மையாகிறது, இழை நழுவுகிறது.

கடையில் தடவுவதோடு நிற்காமல், உட்பக்கத் தையல் ஓரத்தில் துணியின் நூல் ஏதும் தொங்கினால் அதைப் பாருங்கள். முறுக்குக்கு எதிராக இரண்டு விரலால் சுற்றும்போது ஓரிரு சுற்றிலேயே பஞ்சாகப் பிரிந்தால் முறுக்கு குறைவு. நூல் கிடைக்காவிட்டால் துணியின் முகத்தை முகத்தோடு சேர்த்துச் சற்று நேரம் தேய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே சரித்துப் பாருங்கள். இப்போதே பூனைமயிர் எழும்பினால் பிறகு கேட்கவே வேண்டாம்.

பொலியெஸ்ரர் கலந்தால் நெடுநாள் உழைக்கும் என்று நம்பி வாங்குவது இன்னொரு பிழை. கிழியாமல் உழைக்கும், அது உண்மை. ஆனால் தனிப் பருத்தியில் உருண்டையைப் பிடித்திருக்கும் இழைகள் பலவீனமானவை, அறுந்து உருண்டை தானாக விழுந்துவிடும். பொலியெஸ்ரர் இழை அறாது. பருத்தியில் திரண்ட உருண்டையைக்கூட அது பிடித்து வைத்திருக்கும்.

முழுப் பொலியெஸ்ரரில் வரும் ஃபிளீஸ் துணியில் கதை கொஞ்சம் வேறு. அதன் நூல் பெரும்பாலும் அறாத நீள் இழை. குட்டை நுனி என்ற பேச்சே ஆரம்பத்தில் இல்லை. பின்னிய பிறகு கம்பித் தூரிகையால் கண்ணிகளைக் கிளறி அறுத்துத்தான் அந்தப் பஞ்சு முகத்தை எழுப்புகிறார்கள். அதாவது நுனிகளை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். பிறகு அவற்றைச் சீராகக் கத்தரித்து, சூட்டில் நிலைப்படுத்த வேண்டும். மலிவுச் சரக்கில் குறை விடுவது இங்கேதான். உருண்டை வராது என்று அட்டையில் போட்டிருந்தாலும், பல துணிகளில் அது வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

தோய்க்கும்போது கிணற்றடிக் கல்லில் அடித்து, பிறகு பிரஷ் போடுவது சாரத்துக்குத் தாங்கும். பின்னல் துணிக்கு அது கம்பித் தூரிகையின் வேலையைத் தொடர்வதுதான். உட்பக்கம் வெளியே வரத் திருப்பி, சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டுக் கசக்காமல் அமுக்கி எடுங்கள். மெஷினில் போட்டால் துவாயோடும் ஜீன்ஸோடும் சேர்க்க வேண்டாம்.

வந்த உருண்டையை நகத்தால் பிய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பிய்க்கும்போது உருண்டையோடு நூலுக்குள் இருந்த இழையும் இழுபட்டு வரும், அதன் நுனி அடுத்த உருண்டைக்கு விதை. துணியை மேசையில் இழுத்து விரித்து, சவர அலகைச் சரித்து வைத்துச் சீவ வேண்டும். பருத்தியில் சில தடவை சீவியதும் நழுவக்கூடிய குட்டை இழைகள் தீர்ந்து, உருண்டை குறையும். பொலியெஸ்ரர் கலவையில் சீவுகிற வேலை நெடுநாள் தொடரும்.