காற்றில் நிற்காத ஜன்னல்: பிரிக்‌ஷன் ஸ்டேயில் செய்யக் கூடாதவை

போன வாரம் பொள்ளாச்சி பக்கம் ஒரு வீட்டில் நான் மாடி ஏறுவதற்குள், எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் வேலையை முடித்துவிட்டு நின்றான். "அண்ணா, கிரீச் சத்தம் போயிருச்சு. ஒரு விரல்லயே தள்ளலாம், பாருங்க." கையில் ஸ்பிரே எண்ணெய் டப்பா. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே டப்பாவோடு, இதே பெருமையோடு நானும் நின்றிருக்கிறேன். அதனால் அவனைத் திட்டவில்லை. ஆனால் எரிச்சல் வந்தது உண்மை.

எண்ணெய் போடுவது

பக்கவாட்டில் வெளியே திறக்கும் யூபிவிசி, அலுமினிய ஜன்னல்களில் ஷட்டரின் மேலும் கீழும் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் இருக்கும். அதுதான் பிரிக்‌ஷன் ஸ்டே. பிரேமில் ஒரு தண்டவாளம், ஷட்டரில் ஒரு பட்டை, இரண்டையும் இணைக்கும் கைகள், தண்டவாளத்துக்குள் ஓடும் ஒரு சின்னக் கட்டை. ஜன்னல் திறக்கும்போது அந்தக் கட்டை தண்டவாளத்தை உரசிக்கொண்டே நகரும். அந்த உரசல்தான் ஜன்னலை நாம் விட்ட இடத்தில் நிறுத்துகிறது. அதாவது, இது கீலாகவும் இருக்கிறது, பிரேக்காகவும் இருக்கிறது. சைக்கிள் பிரேக் சத்தம் போட்டால் ரிம்மில் எண்ணெய் தடவுவோமா? இங்கே எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

நான் செய்தது கோவையில், மேற்குப் பார்த்த ஒரு மாடி அறையில். மார்ச் மாதம். அந்த வீட்டு அம்மா, "தம்பி, திறக்கவே முடியலப்பா, ஒரே சத்தம்" என்றார். மேலும் கீழும் தாராளமாக அடித்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. காபி வேறு கொடுத்தார். ஜூன் கடைசியில் போன் வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்த வாரம் அது. பாதி திறந்திருந்த ஷட்டரைக் காற்று வெளியே இழுத்து, திருப்பி பிரேமில் அறைந்திருக்கிறது. கண்ணாடி முழுக்கப் போர்டிகோவில் கிடந்தது. நல்ல வேளை, கீழே யாரும் இல்லை. கண்ணாடிக் காசு என் சம்பளத்தில் போனது.

இந்தத் தவறில் பொல்லாத விஷயம், செய்த அன்றைக்குத் தெரியாது. வாடிக்கையாளருக்குச் சந்தோஷம், நமக்கும் நல்ல பெயர். வெயில் காலம் முழுக்க ஜன்னல் நிற்கும், ஏனென்றால் தள்ளுவதற்குக் காற்று இல்லை. அதற்குள் எண்ணெய் தூசியைப் பிடித்துக் கீழ்த் தண்டவாளத்தில் கறுப்புப் பசையாகிவிடும். அப்புறம் ஜன்னல் ஒரு இடத்தில் வழுக்கும், ஒரு இடத்தில் இறுகும்.

சரி, போட்டாகிவிட்டது. எப்படி மீட்பது? அந்தப் பையனை வைத்தே செய்தேன். இரண்டடிக்கு நான்கடி ஷட்டர், 12 அங்குல ஸ்டே. முதலில் சோதனை: பாதி வரை திறந்து கையை எடுத்தோம். நின்றது. ஓரத்தில் ஒரு விரலால் லேசாகத் தட்டினால் கடைசி வரை போனது. எந்தப் பிடிப்பும் இல்லை.

எண்ணெயை எடுக்காமல் ஸ்க்ரூவை இறுக்கிப் பயனில்லை. பாத்திரம் தேய்க்கும் திரவத்தை வெந்நீரில் கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் தண்டவாளத்தைத் தேய்த்தோம். ஜன்னலை முழுக்கத் திறந்து ஒரு தடவை, கிட்டத்தட்ட மூடி ஒரு தடவை. அப்போதுதான் கட்டை நகர்ந்து, அது மறைத்திருந்த இடம் வெளியே வரும். துணியால் துடைத்து, பிறகு மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மூன்று முறை. துணியில் கறை வராத வரைக்கும். பெயின்ட் தின்னரை எடுக்காதீர்கள், யூபிவிசியின் மேற்பரப்பு கெட்டுப்போகும்.

நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஸ்க்ரூ. ஓடும் கட்டையிலேயே ஒரு சின்னத் திருகு இருக்கும், பெரும்பாலும் பித்தளை. வலப்பக்கம் திருகினால் கட்டை தண்டவாளத்தை அழுத்தும். கால் சுற்று மேலே, கால் சுற்று கீழே, திறந்து பார், மறுபடி கால் சுற்று. அன்றைக்கு மொத்தம் முக்கால் சுற்றில் பிடித்தது. ஒரு விரலுக்கு நகரவில்லை, உள்ளங்கையால் தள்ளினால் சீராக நகர்ந்தது. அந்த அளவு போதும். மேலே மட்டும் இறுக்கினால் ஷட்டர் முறுக்கிக்கொண்டு, மூடும்போது ஒரு மூலை இடிக்கும். ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போயும் பிடிக்கவில்லை என்றால் கட்டை தேய்ந்துவிட்டது, ஸ்டேயையே மாற்ற வேண்டியதுதான். திருகே இல்லாத ஸ்டேக்களும் உண்டு. அவற்றைச் சுத்தம் செய்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

கிரீச் சத்தத்துக்கு என்ன செய்வது? முக்கால்வாசி நேரம் அது மண். பிரஷ் போதும். கைகள் சேரும் ரிவிட்டில் இருந்து சத்தம் வந்தால், ஊசி நுனியில் ஒரு சொட்டு, அந்த ரிவிட்டில் மட்டும். உடனே துடைக்கவும். ஸ்பிரே டப்பா வண்டியிலேயே இருக்கட்டும்.

ஸ்டே புயலையும் தாங்கும் என்று நினைப்பது

இதே இரண்டடிக்கு நான்கடி ஷட்டரில், மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் ஏறக்குறைய நாலரை கிலோ எடை தள்ளுவதற்குச் சமம். 72 கிலோமீட்டர் என்றால் வேகம் இரட்டிப்பு, தள்ளுவது நான்கு மடங்கு, 18 கிலோ. அந்த உரசல் கட்டை இதற்காகச் செய்யப்பட்டதல்ல. காற்றுக் காலத்தில் திறந்தே வைக்க வேண்டிய அறை என்றால், திறப்பைக் குறிப்பிட்ட அளவில் பூட்டிப் பிடிக்கும் தனி ஸ்டே ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள். ஸ்க்ரூவை இன்னும் இறுக்குவது தீர்வல்ல.

நீளத்தை மட்டும் அளந்து புது ஸ்டே வாங்குவது

12 அங்குலம் என்று கடையில் கேட்டால் 12 அங்குலம் கொடுப்பார்கள். உயரத்தை யார் பார்ப்பது? மடங்கிய நிலையில் ஸ்டேயின் மொத்த உயரம் பொதுவாக 13 மில்லிமீட்டர் அல்லது 17 மில்லிமீட்டர். பிரேமுக்கும் ஷட்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்கு அது பொருந்த வேண்டும். 13 இருந்த இடத்தில் 17 போட்டால் ஷட்டர் உள்ளே உட்காராது. 17 இருந்த இடத்தில் 13 போட்டால் ஷட்டர் தொளதொளவென்று ஆடும். பழைய ஸ்டேயைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றுவது

ஜோடியாகத்தான்.

பக்கவாட்டு ஜன்னலுக்கு, மேலே தொங்கும் ஜன்னலின் ஸ்டே

அளவு ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு.

ஸ்க்ரூவை வெறும் பிளாஸ்டிக்கில் இறக்குவது

யூபிவிசிக்கு உள்ளே இரும்புக் குழல் இருக்கும். ஸ்க்ரூ அதைப் பிடிக்க வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் ஒரு அளவு தடிமனான ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள், தீக்குச்சி சொருகாதீர்கள். தலை ஸ்டேயின் குழிக்குள் முழுக்க அமர வேண்டும். அரை மில்லிமீட்டர் துருத்தினாலும் மடங்கும் கை அதில் மோதும்.

மாடியில் தனியாளாக ஷட்டரைக் கழற்றுவது

கூடாது. ஒருவர் பிடிக்க வேண்டும், ஷட்டரில் ஒரு கயிறும் கட்டியிருக்க வேண்டும்.

பழைய மர ஜன்னலில் கீலைக் குறை சொல்வது

சாதாரணக் கீலுக்குப் பிடிமானமே கிடையாது. அங்கே தொலைந்திருப்பது கொக்கி.