இருபது ஸ்லைடை ஒரே ஸ்லைடில் சொல்வது எப்படி?

தமிழ்நாட்டின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி இருபது ஸ்லைடு தயாரித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த மக்கள்தொகை, எழுத்தறிவு, பாலின விகிதம், நகரம், கிராமம் எல்லாம் அதில் உண்டு. இதை ஒரே ஸ்லைடாகச் சுருக்கிப் பார்ப்போம்.

பவர்பாயின்டில் Insert > Zoom > Summary Zoom என்று ஒரு வசதி இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஸ்லைடுகளின் சின்னப் படங்களை வரிசையாக அடுக்கித் தரும், அவ்வளவுதான். சுருக்கும் வேலை நம்முடையது.

1. ஸ்லைடுக்கு ஒரு வரி

ஒவ்வொரு ஸ்லைடும் என்ன சொல்கிறது என்று ஒரு தாளில் ஒரு வரி எழுதுங்கள். "நகர மக்கள்தொகை" என்பது வெறும் தலைப்பு. "நகரங்களில் 74 லட்சம் பேர் கூடினார்கள்" என்பதுதான் செய்தி. அப்படி ஒரு வரி எழுத வராத ஸ்லைடை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

2. தலைவரி

மற்ற வரிகள் எதற்குச் சான்றாக நிற்கின்றனவோ அதுதான் தலைவரி. நம் உதாரணத்தில்: "2001–2011இல் கூடிய 97 லட்சம் பேரில் 74 லட்சம் பேர் நகரங்களில்."

3. எண்களைக் கழிப்பது

அதிக நேரம் பிடிப்பது இதுதான். ஒவ்வொரு எண்ணையும் மறைத்துவிட்டுத் தலைவரியைப் படியுங்கள். அது அப்போதும் உறுதியாக நின்றால் அந்த எண் வேண்டாம். எழுத்தறிவு 80 சதவீதம் என்பது நல்ல தகவல்தான், ஆனால் இங்கே அதற்கு வேலை இல்லை. கடைசியில் மிஞ்சுவது மூன்று:

- மொத்தம்: 6.24 கோடி → 7.21 கோடி
- நகரம்: 2.75 கோடி → 3.49 கோடி
- கிராமம்: 3.49 கோடி → 3.72 கோடி

இரண்டு ஆண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். நகரத்துக்கு 3.49 கோடி என்று மட்டும் போட்டால் அது அதிகமா குறைவா என்றே தெரியாது. முழு எண்ணாக்கிய பிறகு கூட்டியும் பாருங்கள்: நகரத்தில் கூடிய 74 லட்சமும் கிராமத்தில் கூடிய 23 லட்சமும் சேர்ந்தால் 97 லட்சம், சரி.

சதவீதம் போடுவதாக இருந்தால் கவனம். நகரவாசிகளின் பங்கு 44இலிருந்து 48 சதவீதமானது. இதை "நகர மக்கள்தொகை 4 சதவீதம் வளர்ந்தது" என்று எழுதினால் தப்பு. உண்மையான வளர்ச்சி 27 சதவீதம்.

4. விடக்கூடாத குறிப்பு

சுருக்கும்போது முதலில் காணாமல் போவது நிபந்தனைகள்தான். அந்த 74 லட்சம் பேரும் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள் இல்லை. 2001இல் கிராமமாக இருந்த பல ஊர்கள் 2011இல் நகரமாக வகைப்படுத்தப்பட்டன. அதனால் "குடிபெயர்ந்தார்கள்" என்று எழுதக்கூடாது, "கூடினார்கள்" என்றே எழுத வேண்டும். ஸ்லைடின் அடியில் ஒரு வரி போதும்: "நகரமாக மறுவகைப்படுத்தப்பட்ட ஊர்களும் இதில் அடக்கம்."

5. ஒரு சோதனை

விஷயம் தெரியாத ஒருவரிடம் ஸ்லைடைப் பத்து விநாடி காட்டி மூடிவிட்டு, என்ன புரிந்தது என்று கேளுங்கள். "மக்கள்தொகை கூடியிருக்கிறது" என்று மட்டும் சொன்னால் கிராமத்தின் எண் நகரத்தோடு ஒட்டித் தெரியவில்லை என்று பொருள். இரண்டையும் ஒரே அளவுகோலில் பட்டை வரைபடமாக்கி, நகரத்துக்கு மட்டும் அடர் நிறம் கொடுத்துவிட்டு மறுபடி காட்டுங்கள்.