ஒரு டிக் ஆசை: பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் வரிசையின் வாலில் நிற்பவர்கள்

பந்தயம் கட்டுகிறவர்கள் நிறுவனத்தோடு அல்லாமல் ஒருவரோடு ஒருவர் மோதும் பெட்டிங் எக்ஸ்சேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்களின் திரையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே படத்தை மறுபடியும் பார்ப்பது போலிருக்கும். நான் ஆரம்பத்தில் செய்ததையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். ஜெயிக்கும் என்று கட்டும் பேக் பட்டனுக்குப் பதில் ஜெயிக்காது என்று கட்டும் லே பட்டனை அழுத்துவது, தொகையில் ஒரு பூஜ்யம் கூடிப்போவது போன்றவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அதையெல்லாம் ஒரு முறை பட்டால் தானாகவே திருந்திவிடுவோம். பட்டாலும் தெரியாத தவறுகள்தான் உண்மையில் காசைத் தின்கின்றன.

இதெல்லாம் சட்டப்படி நடக்கிற நாட்டில் இருப்பவர்களுக்கான பேச்சு. நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்களாகவே சொல்கிறேன்.

## வாலில் நின்றுகொண்டு ஒரு டிக் லாபம் பார்ப்பது

ஒரு கால்பந்து ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளூர் அணி ஜெயிக்கும் என்று பேக் செய்ய நினைக்கிறீர்கள். பேக் பக்கத்தில் இப்போது கிடைக்கும் விலை 2.10, அதாவது 1 போட்டு ஜெயித்தால் போட்டதும் சேர்த்து 2.10 திரும்பும். லே பக்கத்தில் 2.12 தெரிகிறது, அதன் கீழே 4,000 என்ற தொகை. இந்த 4,000 யாருடையது? உங்களைப் போலவே பேக் செய்ய விரும்பி, "2.10 வேண்டாம், 2.12 கொடுத்தால் வருகிறேன்" என்று கேட்டு நிற்கிறவர்களுடையது.

இரண்டு வழி உண்டு. 2.10-ஐ அப்படியே எடுக்கலாம், எதிர்ப்பக்கம் ஆள் தயாராக இருப்பதால் உடனே மேட்ச் ஆகிவிடும். அல்லது நீங்களும் 2.12 கேட்டு நிற்கலாம். 2 முதல் 3 வரையான விலையில் பெரும்பாலும் ஒரு டிக், அதாவது விலை நகரும் மிகச் சிறிய படி, 0.02. ஆகவே 100 போட்டால், ஜெயிக்கும்போது 110-க்குப் பதில் 112 லாபம். புதியவர் உடனே இப்படி யோசிக்கிறார்: "2 கூடுதலாக வரும்போது ஏன் விட வேண்டும்? மேட்ச் ஆகாவிட்டால் நஷ்டமா என்ன, பணம் கணக்கிலேயே இருக்குமே?"

இந்த "நஷ்டமா என்ன" என்ற கேள்வியைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

எக்ஸ்சேஞ்சில் ஒரே விலையில் நிற்பவர்களுக்குள் முதலில் வந்தவருக்கே முதலில் மேட்ச் ஆகும். உங்கள் 100 போய் நிற்பது அந்த 4,000-க்குப் பின்னால். உங்கள் முறை வர வேண்டுமென்றால், முன்னால் நிற்பவர்கள் சிலர் விலகிப்போனாலும்கூட, பெரும் தொகைக்கு ஆட்கள் வந்து 2.12-இல் லே செய்தாக வேண்டும். அத்தனை பேர் ஒரே பக்கம் வந்து அடிக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? விலை மேலே கிளம்பிவிட்டது. உங்களுக்கு மேட்ச் ஆகும் அதே நேரத்தில் 2.14 திறக்கிறது, கொஞ்ச நேரத்தில் 2.16-உம் சாதாரணமாகக் கிடைக்கிறது. உங்கள் அணியைப் பற்றி ஏதோ நல்லதல்லாத சேதி வந்திருக்கலாம், அல்லது பெரிய பணம் எதிர்ப்பக்கம் நம்பிக்கையாக இருக்கலாம். இந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் பந்தயம் "வெற்றிகரமாக" ஏற்கப்படுகிறது.

இதையே திருப்பிப் பாருங்கள். நீங்கள் நினைத்தது சரியாக இருந்து விலை இறங்குகிறது. 2.10-இல் இருந்ததை மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள், 2.08 வருகிறது, 2.06 வருகிறது. 2.12-இல் நிற்கும் உங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சரியாகக் கணித்த பந்தயம் கைக்கு வரவில்லை. தவறாகக் கணித்த பந்தயம் மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது.

வரிசையின் தலையில் நிற்பவருக்கு இந்தக் கதி இல்லை. அவருக்கு முன்னால் 50 மட்டும் இருந்தால், சும்மா போகிற போக்கில் யாரோ ஒருவர் லே செய்தாலே மேட்ச் ஆகிவிடும். அதற்குப் பிறகு விலை ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். அதாவது அதே 2.12, அதே 100. முன்னால் நிற்பவருக்கு நல்லதும் கெட்டதும் கலந்து வருகிறது, பின்னால் நிற்பவருக்குக் கெட்டது மட்டும் வடிகட்டி வருகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேட்ச் ஆகவில்லை, விலை இறங்கிவிட்டது, பதறிப்போய் 2.06-ஐ எடுக்கிறீர்கள். முதலிலேயே 2.10 எடுத்திருந்தால் ஜெயிக்கும்போது 110, இப்போது 106. மேட்ச் ஆனால் 2 கூடுதல், துரத்திப்போய் எடுத்தால் 4 குறைவு. மூன்று முறையில் இரண்டு முறையாவது மேட்ச் ஆனால்தான் கணக்கு சமனாகும். நாலாயிரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு அதை எதிர்பார்க்க முடியாது.

"துரத்த மாட்டேன், கிடைத்தால் கிடைக்கட்டும்" என்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். உங்கள் கணிப்பில் அந்த அணியின் நியாயமான விலை 2.00, அதாவது ஜெயிக்கப் பாதி வாய்ப்பு என்று வையுங்கள். 2.10-இல் 100 போட்டால் சராசரி லாபம் 5. 2.12-இல் 6. அந்த ஒன்றுக்காக ஐந்தையும் பணயம் வைக்கிறீர்கள். ஆறில் ஐந்து முறை மேட்ச் ஆனால்தான் கட்டுப்படியாகும். அந்த 6 என்ற எண்ணும் பொய். வாலில் நின்று மேட்ச் ஆனபோது சந்தை 2.16-க்குப் போய்விட்டது, சந்தை சொல்வதுதான் சரி என்றால், உங்கள் 2.12 பந்தயத்தின் சராசரி ஏறக்குறைய 2 நஷ்டம். 2.10 எடுத்தவருக்கும் அந்த நாளில் நஷ்டம்தான், உங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. ஆனால் விலை இறங்கிய நாட்களின் பந்தயங்களும் அவர் கையில் இருக்கின்றன. உங்களிடம் இல்லை.

இந்தத் தவறு கண்ணில் படாததற்குக் காரணம், எல்லோரும் மேட்ச் ஆன பந்தயங்களை மட்டுமே குறித்துவைக்கிறார்கள் என்பதுதான். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அழகான பட்டியல் வைத்திருந்தான். ஒவ்வொரு பந்தயத்திலும் "ஒரு டிக் கூடுதலாக வாங்கினேன்" என்று ஒரு பத்தி. மேட்ச் ஆகாமல் போனதற்கு இடமே இல்லை. அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்: கேட்ட விலை, மேட்ச் ஆனதா, பத்து நிமிடம் கழித்து சந்தை எங்கே இருந்தது. கொஞ்ச நாளில் அவனே போன் செய்தான். "அண்ணா, கிடைச்சதெல்லாம் ஏறியிருக்கு, கிடைக்காததெல்லாம் இறங்கியிருக்கு." உங்கள் பட்டியலும் அப்படி இரண்டாகப் பிரிந்து நின்றால் நீங்கள் வாலில் நிற்கிறீர்கள்.

## இடத்தைத் தொலைப்பது

அதே பையன் செய்த இன்னொரு வேலை. 2.12-இல் நின்று, முன்னால் இருந்ததெல்லாம் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. திடீரென்று 2.14 கிடைக்குமோ என்று தோன்றி விலையை மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை, திரும்ப 2.12-க்கு வந்தான். திரையில் பார்த்தால் எல்லாம் முன்பு போலவே இருந்தது. ஆனால் அவன் வரிசையின் கடைசியில் புதிதாக நின்றுகொண்டிருந்தான்.

விலையை மாற்றுவது என்றால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதியதைப் போடுவது. பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்சின் நிரல் இடைமுகத்தில் இது வெளிப்படையாகவே தெரியும்: `replaceOrders` என்பது ரத்தும் புதுப் பந்தயமும் சேர்ந்தது. தொகையைக் குறைப்பது மட்டும் வேறு. `cancelOrders` கட்டளையில் `sizeReduction` கொடுத்துப் பாதியை விலக்கினால் மீதி இருந்த இடத்திலேயே நிற்கும். தொகையைக் கூட்ட வேண்டுமா? பழையதைத் தொடாதீர்கள். கூடுதல் தொகையைத் தனிப் பந்தயமாகப் போடுங்கள்.

## முன்னால் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் நிற்பது

பந்தயம் போடும் முன் அந்த விலையில் தெரிந்த தொகைதான் உங்களுக்கு முன்னால் இருப்பது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த விலையில் எவ்வளவு மேட்ச் ஆகிறது என்று லேடரில், அதாவது விலைவாரியாகத் தொகைகளை அடுக்கிக் காட்டும் திரையில், பாருங்கள். இங்கே ஒரு சிக்கல்: பெட்ஃபேர் காட்டும் மேட்ச் தொகையில் இரண்டு பக்கமும் சேர்ந்திருக்கும், அதாவது பேக் செய்தவரின் தொகை இரண்டு மடங்காக. 2.12-இல் 3,000 கூடியிருந்தால் வரிசையில் கரைந்தது 1,500. முன்னால் இன்னும் அதிகபட்சம் 2,500. ரத்து செய்தவர்கள் உங்களுக்கு முன்னால் நின்றவர்களா பின்னால் நின்றவர்களா என்பது வெளியே தெரியாது, அதனால்தான் "அதிகபட்சம்" என்கிறேன்.

இன்னொன்று: திரையில் தெரியும் தொகை எல்லாமே அந்த விலையில் ஒருவர் போட்டு வைத்ததல்ல. டிராவுக்கும் எதிரணிக்கும் கேட்டு நிற்கும் பந்தயங்களைச் சேர்த்து எக்ஸ்சேஞ்சே உருவாக்கிக் காட்டுவதும் அதில் இருக்கும். அங்கே யாராவது விலகினால் இங்கே தொகை சட்டென்று காணாமல் போகும்.

## பெரிய இடைவெளியில் போய் எடுப்பது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எப்போதும் எடுத்துவிடுவதும் தவறு. சின்ன லீக் ஆட்டம், பேக் 3.00, லே 3.60, இரண்டு பக்கமும் சில்லறைத் தொகை. இங்கே 3.00 எடுப்பது அநியாயம். 3.35 கேட்டு நின்றால் அந்த விலையில் நீங்கள்தான் முதல் ஆள், வரிசையே கிடையாது. ஆனால் தொகையைச் சிறிதாக வையுங்கள், அணிப்பட்டியல் வெளியாகும் நேரத்துக்கு முன் ரத்து செய்துவிடுங்கள். சேதி தெரிந்தவர் முதலில் தட்டுவது நடுவில் தனியாக நிற்பவரைத்தான்.

நெருக்கமான சந்தையிலும் தலையில் நிற்க ஒரு வழி உண்டு. 2.10-இல் 60 மட்டும் கிடைக்கிறது, உங்களுக்கு 100 வேண்டும் என்றால் 2.10-இல் 100-ஐயும் போடுங்கள். 60 உடனே மேட்ச் ஆகும். மீதி 40 அங்கேயே நிற்கும், லே செய்ய வருகிறவருக்கு 2.12-ஐவிட நல்ல விலையாக, வரிசையின் முதல் இடத்தில். நான் பெரும்பாலும் செய்வது இதுதான். அந்த 40-உம் போகவில்லை, விலை இறங்குகிறது என்றால் விட்டுவிடுவேன். அறுபது கையில் இருக்கிறதே.

## ஆட்டம் தொடங்கிய பிறகும் ஆஃபரைக் கிடக்க விடுவது

வேண்டாம். ஆட்டம் தொடங்கும்போது தானாக ரத்தாகிற தேர்வையே வைத்திருங்கள்.

## கடைசி நிமிடம் வரை கேட்டு நிற்பது

நேரம் குறையக் குறைய வரிசை கரையாமல் நின்றால், எடுங்கள் அல்லது விலகுங்கள். எனக்கு நானே ஒரு நேரம் வைத்துக்கொள்வேன். அதற்குள் முன்னால் உள்ள தொகை பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால், கிடைக்கும் விலை என் கணிப்புக்கு இன்னும் மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இருந்தால் எடுப்பேன். இல்லையென்றால் அன்றைக்கு அந்த ஆட்டத்தில் பந்தயம் இல்லை.