எம்.டி.க்கு இ.ஏ. தேடுகிறீர்களா? ரெஸ்யூமேயை இப்படி வாசித்துப் பாருங்கள்

எச்.ஆர். வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடம் இ.ஏ. பதவிக்கு வந்த ரெஸ்யூமே கட்டைக் கொடுத்தால், எத்தனை வருட அனுபவம், எந்தக் கம்பெனி, ஆங்கிலம் எப்படி என்று பார்த்துச் சலித்து வைப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் எக்சிகியூட்டிவ் அசிஸ்டென்ட் ரெஸ்யூமேக்களில் எல்லோரும் அதே மூன்று வரியைத்தான் எழுதுகிறார்கள்: காலண்டர் பார்த்துக்கொண்டேன், ரகசியம் காத்தேன், அலுவலகத்தை ஒருங்கிணைத்தேன். எழுதியவர்களில் யார் உண்மையிலேயே செய்தவர் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. இரண்டு ரெஸ்யூமேக்களை வைத்துக் காட்டுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆங்கிலத்தில் இருந்த வரிகளைத் தமிழில் சொல்கிறேன்.

1. ரெஸ்யூமேயைத் தொடாதீர்கள், முதலில் ஜே.டி.யைப் பிரியுங்கள்

வேலை கொடுப்பது சென்னைக்கு வெளியே உள்ள, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனி. என்னென்ன வேலை என்று அவர்கள் எழுதிக் கொடுத்த ஜே.டி.யில் பதினான்கு வரிகள். 'நல்ல பேச்சுத்திறன்', 'எம்.எஸ். ஆபீஸ்', 'துடிப்பானவர்' எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துவிட்டேன். அவற்றை வைத்து யாரையும் சேர்க்கவும் முடியாது, கழிக்கவும் முடியாது. மிஞ்சியது நான்கு:

- எம்.டி., சி.எஃப்.ஓ. இருவரின் காலண்டரையும் சொந்தப் பொறுப்பில் நடத்த வேண்டும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், அமெரிக்காவின் டெட்ராய்ட் வாடிக்கையாளர்களுடன் வாராவாரம் அழைப்பு உண்டு.
- வெளியே தெரியக்கூடாத நிதித் தகவல்கள் கையில் வந்துபோகும்.
- போர்டு மீட்டிங் ஏற்பாட்டில் கம்பெனி செக்ரட்டரிக்கு உதவ வேண்டும்.
- மாதாந்திர ரிவ்யூவுக்குத் துறைத் தலைவர்களிடமிருந்து விவரங்களை வாங்கிச் சேர்க்க வேண்டும்.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். இடதில் ஜே.டி. வரி, நடுவில் ரெஸ்யூமேயில் அதற்குக் கிடைத்த ஆதாரம், வலதில் போனில் கேட்க வேண்டிய கேள்வி. நடுப்பத்தியில் உங்கள் அபிப்பிராயத்தை எழுதாதீர்கள். ரெஸ்யூமேயில் உள்ள வார்த்தையை அப்படியே எடுத்து எழுதுங்கள். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால், அழகாக டிசைன் செய்த ரெஸ்யூமே உங்களையும் அறியாமல் மார்க் வாங்கிவிடும்.

2. காலண்டர்: முடிவு யார் கையில் இருந்தது?

முதல் ரெஸ்யூமே பதினொரு வருட அனுபவம். 'உயர் நிர்வாகத்தின் சிக்கலான காலண்டர்களைத் திறம்படக் கையாண்டேன்' என்கிறது. இரண்டாவது ஆறு வருடம்தான். அதில் இருந்த வரி: 'எம்.டி., வணிகத் தலைவர் இருவரின் காலண்டர், Outlook-இல் Editor அனுமதியுடன். வாரத்துக்கு சுமார் 40 மீட்டிங். ஸ்டுட்கார்ட் அழைப்புகள். மோதல் வந்தால் உள்மீட்டிங்குகளை நானே நகர்த்தலாம். வாடிக்கையாளர் மீட்டிங் என்றால் எம்.டி.யிடம் கேட்ட பிறகு.'

இரண்டாவதின் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். எதை நானே செய்யலாம், எதைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்ற எல்லைக்கோடு அதில் இருக்கிறது. காலண்டரை உண்மையில் நடத்தியவருக்குத்தான் அந்தக் கோடு தெரியும். ஏனென்றால் அதை ஒரு தடவையாவது தாண்டி, திட்டு வாங்கியிருப்பார்.

Editor என்ற சொல்லும் சும்மா இல்லை. Outlook-இல் ஒருவர் தன் காலண்டரை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது அனுமதியின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். Reviewer என்றால் பார்க்க மட்டும். Editor என்றால் புதிதாகப் போடலாம், இருப்பதை மாற்றலாம். தனிப்பட்டவை என்று குறித்த பதிவுகளைக் காட்டுவதா வேண்டாமா என்பதற்குத் தனி டிக் உண்டு. காலண்டரைப் 'பார்த்துக்கொண்டேன்' என்று எழுதும் பலர் Reviewer அளவில் பார்த்து, காலையில் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்தவர்கள். அதுவும் வேலைதான், ஆனால் இந்த ஜே.டி. கேட்பது அதுவல்ல. ரெஸ்யூமேயில் இந்தச் சொல் இல்லையென்றால் உடனே கழித்துவிடாதீர்கள். 'உங்களுக்கு என்ன அனுமதி இருந்தது?' என்று வலப்பத்தியில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று நேர மண்டலம். ஸ்டுட்கார்ட் குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. டெட்ராய்ட் பத்தரை, ஒன்பதரை. சரி, இதை யாரும் தேடிக்கொள்ளலாம். சிக்கல் வருவது மார்ச்சில். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், ஐரோப்பா கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் எல்லாமே குழம்பும். குளிர்காலத்தில் நம் மாலை 6.30 அழைப்பு என்பது ஸ்டுட்கார்ட்டில் பிற்பகல் 2.00, டெட்ராய்டில் காலை 8.00. டெட்ராய்ட்காரர் தன் 8.00 மணியை விடாமல் பிடித்துக்கொண்டால், அந்த இடைவாரங்களில் நமக்கு 5.30, ஸ்டுட்கார்ட்காரருக்கு 1.00. அவர் சாப்பாட்டில் இருப்பார். அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் திரும்பவும் இதே கூத்து.

இரண்டாவது ரெஸ்யூமேயில் ஸ்டுட்கார்ட் உண்டு, டெட்ராய்ட் இல்லை. முதலாவதில் 'உலகளாவிய' என்ற சொல் மட்டும். இரண்டுக்கும் வலப்பத்தியில் 'மார்ச் கேள்வி' என்று எழுதினேன்.

3. ரகசியம்: ரெஸ்யூமேயே ஒரு சாம்பிள்

காலண்டருக்கு ஆதாரம் கேட்கிறோம், எவ்வளவு விவரமாக எழுதுகிறாரோ அவ்வளவு நல்லது. ரகசியத்துக்கு அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். புதியவர்கள் வழுக்குவது இங்கேதான்.

முதல் ரெஸ்யூமேயில் இரண்டாம் பக்கத்தில் இருந்தது இது: 'கம்பெனி இன்னொரு நிறுவனத்தை வாங்கப் பேச்சு நடத்தியபோது (பெயர் போட்டிருந்தார்) ரகசியமாக ஒருங்கிணைத்தேன், அந்தப் பேச்சு பின்னர் கைவிடப்பட்டது.' அடுத்த வரியில், 'தலைமை நிர்வாகிகளின் சம்பள உயர்வு' எத்தனை சதவீதம் என்றே போட்டிருந்தார். என்னுடன் இருந்த ஜூனியர், 'பெரிய விஷயமெல்லாம் இவர் கையில் இருந்திருக்கு மேடம்' என்று வியந்தார். இருந்திருக்கிறது, உண்மைதான். நடக்காமல் போன பேரத்தை முன்பின் தெரியாத எனக்கு அனுப்பியிருக்கிறார் என்பதும் உண்மைதான். நாளை நம் எம்.டி.யின் விஷயம் இன்னொரு கம்பெனியின் எச்.ஆர். மேசையில் இப்படித்தான் இருக்கும்.

இதில் நான் சூடு பட்டவள். பழைய கம்பெனி ஒன்றில், நேர்காணலுக்கு வந்த ஒருவர் தன் வேலைக்கு மாதிரி என்று முந்தைய முதலாளியின் பயண அட்டவணையைக் காட்டினார். ஹோட்டல் அறை முதல் பாஸ்போர்ட் நகல் வரை அந்த ஃபைலில் இருந்தது. அட்டவணை எவ்வளவு நேர்த்தி என்று பார்த்தேனே தவிர, அது ஏன் என் கையில் இருக்கிறது என்று யோசிக்கவில்லை. எடுத்துக்கொண்டோம். எங்கள் எம்.டி.யின் பயண விவரங்கள் வெளியே சுற்றிய பிறகுதான் உறைத்தது.

அப்படியானால் ரகசியம் காக்கத் தெரிந்தவர் எப்படி எழுதுவார்? நடைமுறையைச் சொல்வார், உள்ளடக்கத்தைச் சொல்ல மாட்டார். இரண்டாவது ரெஸ்யூமேயில் ஒரே ஒரு வரி: 'பட்டியலிடப்பட்ட கம்பெனியில் டெசிக்னேட்டட் பெர்சனாக இருந்தேன், காலாண்டு முடிவுகளின்போது போர்டு காகிதங்களைக் கையாண்டேன்.' செபியின் 2015 உள்தகவல் வர்த்தகத் தடை விதிமுறைகளின்படி, விலையைப் பாதிக்கக்கூடிய வெளியாகாத தகவல் கைக்கு வரும் ஊழியர்களைக் கம்பெனி இப்படிப் பட்டியலிட வேண்டும். செக்ரட்டேரியல் ஊழியர்களும் அதில் வருவார்கள். காலாண்டு முடிந்த நாளிலிருந்து, முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை இவர்கள் அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. கம்பெனியின் எண்ணையோ செய்தியையோ வெளியிடாமல், தன் மேல் இருந்த நம்பிக்கையை மட்டும் அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

ஆனாலும் ரெஸ்யூமே ரகசியத்தை நிரூபிக்காது. எச்சரிக்கை மட்டும்தான் கொடுக்கும். ஒன்றுமே எழுதாதவர் வாயடக்கம் உள்ளவராகவும் இருக்கலாம், அந்த மாதிரி வேலையே பார்க்காதவராகவும் இருக்கலாம். பழைய மேலதிகாரியிடம் விசாரித்தால்தான் தெரியும். அப்புறம் ஒன்று: விண்ணப்பித்தவர் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு, அவர் சம்மதம் இல்லாமல் போன் போட்டுவிடாதீர்கள். அவர் வேலை தேடுகிறார் என்பது அவருடைய ரகசியம்.

முதலாமவருக்கு நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரே மேலதிகாரியிடம் ஏழு வருடம் இருந்திருக்கிறார். நம்பிக்கை இல்லாமல் யாரும் அவ்வளவு காலம் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நடுப்பத்தியில் அதையும் எழுதினேன்.

4. ஒருங்கிணைப்பு: பொருளையா, ஆளையா?

இது சுருக்கமானது. ஸ்டேஷனரி, கேப் புக்கிங், ஹவுஸ்கீப்பிங், விசிட்டர் பாஸ் என்று பட்டியல் இருந்தால் அது அட்மின் வேலை. நம் ஜே.டி. கேட்பது, தன்னைவிடப் பெரிய பதவியில் இருப்பவர்களிடம், அதிகாரம் இல்லாமல், தேதிக்குள் வேலை வாங்குவது. முதலாவதில் பட்டியல் இருந்தது. இரண்டாவதில், 'ஏழு துறைகளின் ரிவ்யூ பக்கங்களை இரண்டு நாள் முன்னதாகச் சேர்ப்பேன். மீட்டிங் முடிவுகளைப் பொறுப்பாளர் பெயரோடு ட்ராக்கரில் பதிந்து வாராவாரம் கேட்பேன்' என்று இருந்தது.

போர்டு மீட்டிங் வரியில் இரண்டு ரெஸ்யூமேக்களுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. முதலாவது 'போர்டு மினிட்ஸ் தயாரித்தேன்' என்றது. பட்டியலிட்ட கம்பெனியில் அது கம்பெனி செக்ரட்டரியின் வேலை. மிகைப்படுத்தலா, வரைவில் உதவினாரா என்று கேட்க வேண்டும். இரண்டாவது, 'செக்ரட்டரி நோட்டீஸ் அனுப்பும் முன்பே இயக்குநர்களின் தேதிகளை உறுதி செய்தேன்' என்றது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 173-ஆம் பிரிவு போர்டு மீட்டிங்குக்குக் குறைந்தது 7 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. தேதி உறுதியாகாமல் நோட்டீஸ் போனால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்த இடத்தில் தன் வேலை முடிந்து செக்ரட்டரியின் வேலை தொடங்குகிறது என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது.

5. தாளைப் பார்த்து போன் போடுங்கள்

இரண்டாவது ரெஸ்யூமேயிலும் ஓட்டை உண்டு. நடுவில் பதினான்கு மாதம் எதுவும் இல்லை, டெட்ராய்ட் அனுபவமும் இல்லை. இடைவெளியை ஒரே கேள்வியில் கேட்டேன். அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்றார், மேலே தோண்டவில்லை. இருவரிடமும் மார்ச் கேள்வியைக் கேட்டேன்: 'மார்ச் மூன்றாவது வாரம். திங்கள் 6.30-க்கு வழக்கமான அழைப்பு. ஸ்டுட்கார்ட், டெட்ராய்ட் இரண்டும் உண்டு. என்ன செய்வீர்கள்?'

முதலாமவர், 'முதல் நாளே எல்லாருக்கும் ரிமைண்டர் அனுப்பிடுவேன் மேடம்' என்றார்.

இரண்டாமவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அந்த ரிப்பீட் இன்வைட்டை யார் போட்டது மேடம்? நம்ம பக்கமா, டெட்ராய்ட் பக்கமா?' என்று திருப்பிக் கேட்டார். தொடர் இன்வைட் அதைப் போட்டவரின் ஊர்க் கடிகாரத்தோடு ஒட்டிக்கொண்டு நகரும். நம் பக்கமிருந்து போட்டிருந்தால் நமக்கு 6.30 அப்படியே நிற்கும், டெட்ராய்டில் 9.00 ஆகிவிடும். அவர்கள் போட்டிருந்தால் நமக்கு 5.30.

வலப்பத்தியில் 'மார்ச் கேள்வி' என்று எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு, நேர்காணலுக்குத் தேதி கேட்டேன்.