“சூடுபடுத்தித் தரம் பார்க்கப்பட்டது” என்று எழுதினால் போதுமா?

பிளஸ் டூ, கல்லூரி முதலாண்டு வேதியியல் பதிவேடுகளில் செய்முறை என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் இப்படி ஒரு பத்தி இருக்கும்:

“20 மி.லி. ஆக்சாலிக் அமிலக் கரைசல் பிப்பெட் மூலம் கூம்புக் குடுவையில் எடுக்கப்பட்டது. அதனுடன் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துச் சூடுபடுத்தி, பியூரெட்டில் உள்ள பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் தரம் பார்க்கப்பட்டது. வெளிர் இளஞ்சிவப்பு நிறம் தோன்றுவது முடிவுநிலை.”

இதில் தவறான செய்தி எதுவும் இல்லை. மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அன்று ஆய்வகத்துக்கு வராத இன்னொரு மாணவி இந்தப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்கினால், ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். யோசித்துத் தவறாக ஊகித்தால், அவருடைய அளவீடு உங்களுடையதிலிருந்து விலகிப் போகும்.

முதல் சிக்கல் ஆக்சாலிக் அமிலத்திலேயே இருக்கிறது. ஆய்வக அலமாரியில் வழக்கமாக இருப்பது இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்ட படிகம். அதன் மோலார் நிறை 126.07 கிராம். நீரற்ற வகைக்கு 90.03 கிராம்தான். “0.63 கிராம் ஆக்சாலிக் அமிலம் 100 மி.லி. நீரில் கரைக்கப்பட்டது” என்று மட்டும் எழுதிவிட்டால், படிகத்தை எடுத்தவருக்கு 0.05 மோலார் கரைசல் கிடைக்கும். நீரற்றதை எடுத்தவருக்கு 0.07 மோலார். பெர்மாங்கனேட் 0.02 மோலார் என்றால், உங்களுக்கு 20 மி.லி. அருகே முடிந்த சோதனை அவருக்கு 28 மி.லி. வரை நீளும். தவறு எங்கே என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியே இருக்காது. “இருநீரேற்று ஆக்சாலிக் அமிலப் படிகம்” என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதே வரியில் “100 மி.லி. நீரில்” என்பதையும் திருத்த வேண்டும். படிகத்தை முதலில் சிறிது நீரில் கரைத்து, அளவுக் குடுவையில் ஊற்றி, பிறகு கோடு வரை நிரப்புகிறோம், 100 மி.லி. நீரை அளந்து ஊற்றுவதில்லை.

அடுத்து, அமிலம். “நீர்த்த” என்பது எவ்வளவு நீர்த்தது? எத்தனை மி.லி.? இந்த வினைக்கு அமிலம் தாராளமாகத் தேவை. போதாவிட்டால் குடுவையில் பழுப்பு நிறக் கலங்கல் வந்துவிடும். அது மாங்கனீஸ் டை ஆக்சைடு. பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான்களைப் பெறவேண்டிய இடத்தில் மூன்றோடு நின்றுவிட்டது என்று பொருள். அதனால் பெர்மாங்கனேட் கூடுதலாகச் செலவாகும். “1 மோலார் கந்தக அமிலம் 20 மி.லி., அளவு உருளையால்” என்று எழுதினால் போதும். இதை பிப்பெட்டால் அளக்கத் தேவையில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. அமிலத்தின் பெயரை விட்டுவிட்டு “அமிலம் சேர்க்கப்பட்டது” என்று எழுதுவோரும் உண்டு. அது இன்னும் மோசம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் அதன் குளோரைடும் பெர்மாங்கனேட்டைத் தின்னும். நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்சிஜனேற்றி.

பதிவேடுகளில் அதிகம் விடுபடுவது, என் கணிப்பில், வெப்பநிலையும் ஊற்றும் வேகமும்தான். “சூடுபடுத்தி” என்ற ஒரே சொல்லில் இரண்டும் மறைந்துவிடுகின்றன. குடுவை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே வினை மெதுவாக நடக்கிறது. ஆக்சாலிக் அமிலம் மீதமிருக்கும்போதே இளஞ்சிவப்பு நிறம் சிறிது நேரம் தங்கி, முடிந்துவிட்டது போல ஏமாற்றும். கொதிக்கவிட்டாலோ ஆக்சாலிக் அமிலம் சிதையத் தொடங்கும். இரண்டு தவறுகளுமே பியூரெட் அளவைக் குறைத்துத்தான் காட்டும் என்பதால், எண்ணை மட்டும் பார்த்து எது நடந்தது என்று சொல்ல முடியாது. எனவே எவ்வளவு சூடு, எதை வைத்து அளந்தீர்கள், தரம் பார்க்கும்போது ஆறிப்போனால் மீண்டும் சூடாக்கினீர்களா என்பது மூன்றும் எழுத்தில் வரவேண்டும். “கை பொறுக்காத சூடு” என்று ஆய்வகங்களில் சொல்வதுண்டு. ஆளுக்கு ஆள் கை வேறு, வெப்பமானி ஒன்றுதான்.

வேகத்தின் கதை தனி. முதல் சில துளிகளின் நிறம் உடனே மறையாது. வினையில் உண்டாகும் மாங்கனீஸ்(II) அயனிதான் அந்த வினைக்கு வினையூக்கி. அது கொஞ்சம் சேரும்வரை காத்திருக்க வேண்டும். இதை அறியாதவர் முதல் துளியின் நிறம் நிற்பதைப் பார்த்து “0.1 மி.லி.யில் முடிந்துவிட்டது” என்று குழம்புவார், அல்லது பொறுமையிழந்து வேகமாக ஊற்றிப் பழுப்புக் கலங்கலை வரவழைப்பார். “முதல் துளிகளின் நிறம் முழுதும் மறைந்த பிறகே அடுத்தது சேர்க்கப்பட்டது” என்ற ஒரு வரி அவரைக் காப்பாற்றிவிடும்.

முடிவுநிலைக்கு நிறம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். முடிவைத் தாண்டிய பிறகும் அந்த இளஞ்சிவப்பு மெல்ல மங்கத்தான் செய்யும். “30 விநாடி நிலைத்த வெளிர் இளஞ்சிவப்பு” என்று எழுதாவிட்டால், சிலர் நிறம் மங்கும்போதெல்லாம் துளி சேர்த்துக்கொண்டே போவார்கள்.

பியூரெட்டைப் பற்றி இரண்டே செய்திகள். அதைக் கடைசியாகப் பெர்மாங்கனேட்டாலேயே கழுவியதையும், கூம்புக் குடுவையை வெறும் வடிநீரால் மட்டும் கழுவியதையும் குறிப்பிடுங்கள். பெர்மாங்கனேட்டின் அடர்நிறத்தில் கீழ்ப்பிறை தெரியாது. அதனால் திரவத்தின் மேல்விளிம்பைத்தான் படிக்கிறோம். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே விளிம்பைப் படித்தால் கழித்தலில் பிழை வராது. எந்த விளிம்பு என்று எழுதாவிட்டால், படிப்பவர் ஒன்றை மேலும் மற்றொன்றைக் கீழும் படிக்க வாய்ப்புண்டு.

இன்னொரு பழக்கமும் உண்டு: செய்ததை எழுதாமல், செய்யச் சொன்னதை எழுதுவது. கையேட்டில் 0.63 கிராம் என்று இருக்கும், தராசு 0.634 காட்டியிருக்கும். பதிவேட்டில் 0.63 வந்துவிடும். 0.634 கிராம் என்றால் செறிவு 0.0503 மோலார்; கணக்கில் வரவேண்டியது அதுதான்.

மேலே பார்த்த பத்தியைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

“0.634 கிராம் இருநீரேற்று ஆக்சாலிக் அமிலப் படிகம் வடிநீரில் கரைக்கப்பட்டு, 100 மி.லி. அளவுக் குடுவையில் கோடு வரை நிரப்பிக் குலுக்கப்பட்டது. வடிநீரால் கழுவிய கூம்புக் குடுவையில் இக்கரைசல் 20 மி.லி. பிப்பெட்டால் எடுக்கப்பட்டு, 1 மோலார் கந்தக அமிலம் 20 மி.லி. சேர்க்கப்பட்டது. வெப்பமானி 70 டிகிரி காட்டும்வரை சூடாக்கப்பட்டது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கியபோது மீண்டும் சூடாக்கப்பட்டது. பெர்மாங்கனேட்டால் கழுவி நிரப்பிய பியூரெட்டிலிருந்து, முதல் துளிகளின் நிறம் மறையும்வரை காத்து, பிறகு சுழற்றிக்கொண்டே சீராகச் சேர்க்கப்பட்டது. இளஞ்சிவப்பு 30 விநாடி நிலைத்தபோது நிறுத்தப்பட்டது. இரு அளவுகளும் திரவத்தின் மேல்விளிம்பில் படிக்கப்பட்டன. பழுப்புக் கலங்கல் வந்த குடுவை நீக்கப்பட்டது. 0.1 மி.லி.க்குள் ஒத்த இரண்டு அளவுகள் கிடைக்கும்வரை சோதனை தொடரப்பட்டது.”

பத்தி நீண்டுவிட்டதே என்று தயங்க வேண்டாம். இடம் வேண்டுமானால் வேறு இடத்தில் வெட்டலாம்: தாங்கியில் பியூரெட்டைப் பொருத்தியது, கைகழுவியது, செய்முறைக்கு நடுவே நுழையும் சமன்பாடு, “மிகவும் கவனமாக” என்ற அடைமொழி. அந்தக் கவனம் எதில் செலுத்தப்பட்டது என்று தெரியாதவரை, படிப்பவர் அதை வைத்து ஒரு துளியைக்கூட அளக்க முடியாது.